"ஆட்சேபணை பெறப்பட்டதன் பேரில்": யார் ஆட்சேபித்தார்?

கரும்பலகை, 08.01.2024, இரவு

அப்பாவுக்கு வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டாவில் தன் பங்கை உட்பிரிவு செய்து தனிப் பட்டா கேட்டிருந்தார். பதில் ஒரே வாக்கியம்:

"மேற்படி புல எண் தொடர்பாக வருவாய் ஆய்வாளரின் விசாரணை அறிக்கை மற்றும் கூட்டுப் பட்டாதாரரின் ஆட்சேபணை பெறப்பட்டதன் பேரில், உட்பிரிவு செய்தல் மீதான நடவடிக்கை நிலுவையில் வைக்கப்பட்டுள்ள விவரம் மனுதாரருக்குத் தெரிவிக்கப்படுகிறது."

பதினோரு வருடமாகப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். மூன்று முறை படித்தும் மனு தள்ளுபடியா இல்லையா என்று அப்பாவுக்குச் சொல்ல முடியவில்லை. என் கட்சி இதுதான்: அலுவலகத் தமிழைக் கெடுப்பது தொழிற்பெயர். விசாரித்தார், ஆட்சேபித்தார் என்று எழுதினால் கை வலிக்குமா? விசாரணை, ஆட்சேபணை, நடவடிக்கை, செய்தல் என்று வினையையெல்லாம் பெயராக உறைய வைத்துவிட்டு, கடைசியில் 'தெரிவிக்கப்படுகிறது' என்று ஒற்றை முற்றுவினை. யாராவது மறுத்துப் பேசுங்கள்.

கரும்பலகை, 08.01.2024, அரை மணி கழித்து

எண்ணிப் பார்த்தேன். விசாரித்தது, அறிக்கை கொடுத்தது, ஆட்சேபித்தது, அதைப் பெற்றது, உட்பிரிவு செய்வது, நிலுவையில் வைத்தது, தெரிவிப்பது. ஏழு வேலை. இதில் ஆள் பெயர் இருப்பது மூன்றுக்குத்தான். வருவாய் ஆய்வாளர் விசாரித்து அறிக்கை கொடுத்தார் என்பது தெரிகிறது, ஆட்சேபணையில் கூட்டுப் பட்டாதாரர் பெயர் ஒட்டியிருக்கிறது. மற்ற நான்கும் காற்றில் நடந்தவை.

நேரடித்தமிழ், 09.01.2024

குற்றவாளி தொழிற்பெயர் இல்லை டீச்சர், செயப்பாட்டு வினை. பெறப்பட்டது, வைக்கப்பட்டுள்ளது, தெரிவிக்கப்படுகிறது. 'படு'வை எடுத்துப் பாருங்கள், எல்லாம் சரியாகிவிடும். தமிழுக்கு இது இயல்பே இல்லை, வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம்.

கரும்பலகை, 09.01.2024

எடுத்துப் பார்க்கிறேன். "ஆய்வாளரின் அறிக்கையையும் கூட்டுப் பட்டாதாரரின் ஆட்சேபணையையும் பெற்றதன் பேரில், உட்பிரிவு செய்தல் மீதான நடவடிக்கையை வட்டாட்சியர் நிலுவையில் வைத்துள்ளார்."

நிறுத்தி வைத்தது யார் என்பது தெரிந்துவிட்டது. அந்த அளவுக்கு நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஆட்சேபணை இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கூட்டுப் பட்டாதாரர் ஆட்சேபித்தாரா, கூட்டுப் பட்டாதாரர் விஷயமாக வேறு யாராவது ஆட்சேபித்தார்களா? எதை ஆட்சேபித்தார், எல்லையையா, பங்களவையா, அளக்க வந்ததையேவா? எழுதிக் கொடுத்தாரா, வாயால் சொன்னாரா? 'படு' போனாலும் இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. 'படு' தமிழுக்கு இயல்பில்லை என்பதையும் நான் ஏற்கவில்லை, அது வேறு சண்டை.

ரேஷன்வரிசை, 09.01.2024

எனக்கும் இதே பிரச்சினைதான். குடும்ப அட்டையில் மாமியார் பெயர் தப்பாக விழுந்திருக்கிறது, திருத்தத்துக்கு எழுதிப் போட்டு நாலு மாதமாகிறது. எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும்?

கரும்பலகை, 09.01.2024

இங்கே பேச்சு வேறம்மா. வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

பழையகோப்பு, 11.01.2024

வருவாய்த் துறையில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன். இதைப் போல நூற்றுக்கணக்கில் நானே எழுதியிருக்கிறேன், அதனால் கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

வாக்கியத்தை முதலில் பார்க்காதீர்கள், அது கடைசியில் பிறந்த பிள்ளை. 'பொருள்' என்று போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். வட்டம், கிராமம், புல எண், பிறகு "உட்பிரிவு செய்து பட்டா மாறுதல் கோருதல் - தொடர்பாக" என்று இருக்கும். கோப்பு உதவியாளரிடமிருந்து மேலே போகும்போதும் இறங்கும்போதும் கூடவே போவது அந்த வரிதான். பதிவேட்டில் தேடும்போது கண்ணில் படுவதும் அதுதான். அங்கே "கோரினார்" என்று எழுதினால் நாளைக்கு அதே கோப்பில் இன்னொருவர் கோரும்போது தலைப்பை மாற்றணும். 'கோருதல்' என்று போட்டுவிட்டால் யார், எப்போது என்ற கவலை இல்லை. உதவியாளர் குறிப்பு எழுத உட்காரும்போது அந்த வரியைத்தான் நீட்டுகிறார். பெயராகத் தொடங்கியது பெயராகவே நீளும்.

இன்னொன்று. உதவியாளர் எழுதும்போது முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. "வட்டாட்சியர் நிறுத்தி வைத்தார்" என்று அவர் எப்படி எழுதுவார்? வரைவுதான் அவருடையது, கையெழுத்து அவருடையதில்லை. யார் தலையிலும் விடியாதபடி எழுதுவது பயத்தினால் மட்டும் இல்லை. கொஞ்சம் பயமும் உண்டு.

படிக்கிறவர்களுக்கு ஒரு துப்பு. கோப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் கடைசிச் சொல் சொல்லிவிடும். 'கோருதல்' என்றால் இன்னும் கேட்கும் நிலை. 'அறிக்கை கோருதல்' என்றால் கீழே அனுப்பியிருக்கிறார்கள். அரசாணை என்றால் தலைப்பே 'ஆணை வெளியிடப்படுகிறது' என்று முடியும். உங்கள் கடிதம் 'தெரிவிக்கப்படுகிறது' என்று முடிகிறது, அதாவது இது தகவல். ஆணை இல்லை.

கரும்பலகை, 11.01.2024

பொருள் வரியைப் பார்த்தேன். "பட்டா மாறுதல் கோருதல் - தொடர்பாக" என்றுதான் இருக்கிறது. கடிதத்தில் நான் படிக்காமல் தாண்டிய ஒரே வரி அது.

வாய்தா, 12.01.2024

சிவில் பக்கம் வழக்கு நடத்துகிற ஜூனியர் நான். மேலே ஐயா சொன்னதன் விளைவைச் சொல்கிறேன். இது தள்ளுபடி ஆணையாக இருந்திருந்தால், 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு போயிருக்கலாம். 'நிலுவை'யை எதிர்த்து எதைக் கொண்டு போவீர்கள்? இடிக்கச் சுவரே இல்லை. 'நிலுவை', 'தள்ளுபடி' இரண்டும் பெயர்தான், ஆனால் ஒன்று கதவைத் திறக்கும், ஒன்று திண்ணையில் உட்கார வைக்கும்.

தொழிற்பெயரை ஒட்டுமொத்தமாகத் திட்டாதீர்கள். எங்களுக்கு அது கருவி. ஆட்சேபணை என்று ஒன்று பெயராக இருப்பதால்தான் அதற்கு ஒரு தேதி உண்டு, அதைப் பதிவு செய்யலாம், நகல் கேட்கலாம், திரும்பப் பெறலாம். "ஆட்சேபித்தார்" என்ற வினைக்கு நகல் கேட்க முடியுமா?

கரும்பலகை, 12.01.2024

இது என்னை யோசிக்க வைக்கிறது. கட்சியைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்.

நேரடித்தமிழ், 12.01.2024

தள்ளுபடி என்ற சொல்லே ஏமாற்று. கடன் தள்ளுபடி என்றால் பாயசம், மனு தள்ளுபடி என்றால் பட்டினி.

கரும்பலகை, 14.01.2024

போகி. வீட்டில் பழைய பாடக் குறிப்புகளைக் கழிக்கும்போது ஒன்று கையில் கிடைத்தது, எரிக்காமல் வைத்துக்கொண்டேன்.

'புலி கொல் யானை.' தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் இதற்குத் தனி நூற்பாவே இருக்கிறது. 'தடுமாறு தொழிற்பெயர்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? வேற்றுமை உருபு மறைந்து நிற்பதால் இரண்டும் பொருந்துகிறது. உரையாசிரியர்கள் காட்டும் வழி எளிமையானது, அடுத்து வரும் சொல்லைப் பார். யானை ஓடுகிறது என்றால் அது உயிரோடிருக்கிறது, கொன்றது யானை. யானையின் கோடு வந்தது என்றால், தந்தம் தனியாக வந்திருக்கிறது, யானை செத்துவிட்டது, கொன்றது புலி.

நம் கடிதங்களுக்கு இது கச்சிதம். 'அலுவலர் விசாரணை' என்று ஒரு தலைப்பு வருகிறது. அலுவலர் விசாரித்தாரா, அலுவலரை விசாரித்தார்களா? அடுத்த வரியில் "அவர் அறிக்கை அளித்துள்ளார்" என்றால் யானை ஓடுகிறது. "அவரிடம் விளக்கம் கோரப்பட்டுள்ளது" என்றால் தந்தம் வந்துவிட்டது.

ஆக என் முதல் கட்சி தப்பு. வினை பெயராகும்போது தொலைவது வினை இல்லை, வேற்றுமை உருபு. "அலுவலரை விசாரித்தார்" என்பதில் இருக்கும் ஒற்றை ஐகாரம் 'அலுவலர் விசாரணை'யில் விழுந்துவிடுகிறது. 'அலுவலர் மீதான விசாரணை' என்று எழுதினால் தொழிற்பெயரும் இருக்கும், பொருளும் கெடாது.

கரும்பலகை, 14.01.2024, மாலை

இன்னொன்றும் தோன்றியது. காலம். 'செய்தல்' காலம் காட்டாது. 'செய்தது', 'செய்வது' காட்டும். எங்கள் கடிதத்தில் இரண்டு வகையும் இருக்கிறது. 'உட்பிரிவு செய்தல்' என்றால் நடந்ததா, நடக்கப்போவதா என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 'பெறப்பட்டதன் பேரில்' என்பதில் இறந்தகாலம் இருக்கிறது, அதாவது ஏதோ ஒன்று கைக்கு வந்து சேர்ந்தாகிவிட்டது. இரண்டாவது ஒரு வினையாலணையும் பெயர் என்பதால் இந்த வசதி.

இதை வைத்துப் பார்த்தால் சித்தப்பா எழுத்தில் ஆட்சேபணை கொடுத்திருக்கிறார் என்றுதான் வருகிறது. கூட்டுப் பட்டாவில் மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். அப்பாவிடம் சொன்னேன். பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது.

பழையகோப்பு, 15.01.2024

பொங்கல் வாழ்த்துகள். போய் வாருங்கள் அம்மா. கோப்பைப் பார்க்காமல் குடும்பத்தை வெட்டாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஆய்வாளர் அறிக்கை, நில அளவர் அறிக்கை, ஆட்சேபணை மனு மூன்றின் நகலையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தரவேண்டும்.

வாய்தா, 16.01.2024

ஒரு சின்னத் திருத்தம். வினையாலணையும் பெயர் என்பது 'பெற்றவர்', 'வந்தவன்' மாதிரி ஆளையோ பொருளையோ குறிப்பது. 'பெறப்பட்டதன் பேரில்' என்பதில் பெற்ற செயலைத்தானே சொல்கிறோம்? அது காலம் காட்டும் தொழிற்பெயர் என்று படித்ததாக ஞாபகம்.

கரும்பலகை, 16.01.2024

ஆமாம், அவசரத்தில் எழுதிவிட்டேன். "நேற்று வந்தது என் தம்பி இல்லை" என்பதில் 'வந்தது' ஆள். "அவர் வந்தது நல்லதாயிற்று" என்பதில் செயல். வடிவம் ஒன்று, வேலை இரண்டு. பள்ளிப் புத்தகம் தொழிற்பெயர் காலம் காட்டாது என்று ஒரே அடியாக அடித்துவிடுகிறது, அதைத்தான் நானும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பள்ளியில் இன்னொரு தமிழாசிரியை இதை ஏற்கவே மாட்டேன் என்கிறார். இரண்டு நாளாக மதியச் சாப்பாட்டில் இதே பேச்சு.

கரும்பலகை, 20.01.2024

மனு போட்டாயிற்று. விண்ணப்பத்தை நானே எழுதினேன். "ஆட்சேபணை குறித்த விவரம் வழங்குதல் வேண்டி" என்று கை தானாக எழுதியது. அடித்துவிட்டு, "என் தந்தையின் மனுவை ஆட்சேபித்தவர் யார், எந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தார், அந்தக் கடிதத்தின் நகலைத் தாருங்கள்" என்று மாற்றினேன்.

வாய்தா, 20.01.2024

'யார்', 'ஏன்' என்று கேள்வியாகக் கேட்டால் பதில் இல்லை என்று திருப்பிவிடும் இடங்கள் உண்டு. ஆவணத்தைக் கேளுங்கள். அங்கே உங்கள் பழைய பெயர்ச்சொல்தான் வேலை செய்யும். "ஆட்சேபணைக் கடிதத்தின் நகல்" என்றால் ஒன்று கொடுக்கணும், இல்லாவிட்டால் இல்லை என்று எழுத்தில் சொல்லணும்.

கரும்பலகை, 20.01.2024

கடைசி வரியில் நகல் கேட்டிருக்கிறேன். அதுவாவது பிழைக்கட்டும்.

ரேஷன்வரிசை, 02.02.2024

மாமியார் பெயர் சரியாகிவிட்டது. இப்போது மாமனார் பெயர் தப்பாக வந்திருக்கிறது.

கரும்பலகை, 17.02.2024

பதில் வந்துவிட்டது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வாளர் அறிக்கை ஒரு பக்கம், அதில் அப்பாவின் அனுபவத்தில் நிலம் இருப்பதாகத் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆட்சேபணைக் கடிதம் "கோப்பில் இல்லை" என்று பதில். நில அளவர் அறிக்கையில் கடைசி வரி இது:

"கூட்டுப் பட்டாதாரரின் ஆட்சேபணையின்மை பெறப்படாமை காரணமாக அளவீடு மேற்கொள்ள இயலவில்லை."

பிரித்துப் படியுங்கள். ஆட்சேபிக்கவில்லை என்று ஒரு கடிதம் வேண்டியிருந்தது. அது வரவில்லை. அவ்வளவுதான். இரண்டு எதிர்மறை, இரண்டும் 'மை'யில் முடிகின்றன. இதைச் சுருக்கி எழுத உட்கார்ந்தவர், ஆட்சேபணை + இன்மை + பெறப்படாமை, இல்லை இல்லை என்றால் உண்டு என்று கணக்குப் போட்டு, "ஆட்சேபணை பெறப்பட்டது" என்று எழுதிவிட்டார். கணக்கில் மைனஸ் மைனஸ் ப்ளஸ். இங்கே ஆகாது. வேண்டாம் என்று ஒருவர் எழுதிக் கொடுப்பதும், சரி என்று எழுதிக் கொடுக்காமல் இருப்பதும் ஒன்றா? இரண்டாவது ஆள் ஒன்றுமே செய்யாதவர். ஊரிலேயே இல்லாதவராகக்கூட இருக்கலாம்.

உண்மையில் அப்படித்தான். நேற்று அப்பா முன்னால் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "நான் எங்கேம்மா ஆட்சேபிச்சேன்? அளக்க வர்ற தேதியே எனக்குத் தெரியாது. நோட்டீஸ் பழைய வீட்டு விலாசத்துக்குப் போயிருக்கும்" என்றார். அப்பா போனை வாங்கி, "மழையெல்லாம் எப்படி இருக்கு அங்க" என்று கேட்டார். பிப்ரவரியில் என்ன மழை. ஆனால் பேசிவிட்டார்கள்.

நான் ஜனவரியில் 'பெறப்பட்டதன்' என்பதில் இறந்தகாலம் இருக்கிறது, ஆகவே கடிதம் கைக்கு வந்தது என்று பெரிய துப்பறிவாளர் மாதிரி எழுதியிருக்கிறேன். இலக்கணம் சரி. வாக்கியமே பொய். இல்லாத கடிதத்துக்கு இறந்தகால இடைநிலை போட்டு உயிர் கொடுத்திருக்கிறார்கள், நான் அதை நம்பிப் பொங்கலைக் கெடுத்தேன்.

பழையகோப்பு, 17.02.2024

இன்மையும் ஆமையும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எங்கள் கண்காணிப்பாளர் ஒருவர் பேனாவைத் தூக்கி எறிவார். "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது, ஆமை புகுந்த கோப்பும் அப்படித்தான்யா" என்பார். 'கடிதம் வரவில்லை' என்று எழுதச் சொல்வார். அவர் ஓய்வு பெற்ற பிறகு ஆமைகள் பெருகிவிட்டன.

சுருக்கியவர் வேண்டுமென்று செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. நாளைக்கு இருபது கோப்பு பார்க்கிறவர் இரண்டு 'மை'யைக் கண்டால் ஒன்றோடு ஒன்றைக் கழித்துவிடுவார்.

நேரடித்தமிழ், 18.02.2024

வேண்டுமென்றே செய்யவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? 'ஆட்சேபணை வந்தது' என்றால் பழி குடும்பத்தின் மேல். 'நோட்டீஸ் சரியான விலாசத்துக்குப் போகவில்லை' என்றால் பழி அலுவலகத்தின் மேல். எது வசதி?

பழையகோப்பு, 18.02.2024

அதையும் மறுக்க மாட்டேன்.

வாய்தா, 18.02.2024

எனக்கு வேறு கேள்வி. டீச்சர் வீட்டில் பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா? இருந்தால் அவரவர் பங்கும் எல்லையும் அதிலேயே இருக்கும், கையெழுத்தும் இருக்கும். பிறகு எதற்குத் தனியாக ஆட்சேபணையின்மை? இதை யாராவது வருவாய்த் துறைப் பக்கமிருந்து விளக்கினால் நல்லது.

கரும்பலகை, 19.02.2024

பத்திரம் இருக்கிறது, 1998இல் பதிந்தது. மனுவோடு நகலும் வைத்தோம். ஐயா, உங்கள் பக்கம் என்ன சொல்கிறீர்கள்?

பழையகோப்பு, 20.02.2024

பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருந்தும் தரையில் வரப்பு வேறு இடத்தில் இருந்தால் அளவர் கை வைக்கத் தயங்குவார். அது ஒரு காரணமாக இருக்கலாம். சட்டப்படி கேட்டே ஆகவேண்டுமா என்றால், நான் இருந்த இடங்களிலேயே ஒரு வட்டத்தில் கேட்பார்கள், பக்கத்து வட்டத்தில் கேட்க மாட்டார்கள்.

கரும்பலகை, 25.02.2024

சித்தப்பா வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார். "என் அண்ணன் தன் பங்கை அளந்து உட்பிரிவு செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை." ஆறாவது வரை படித்தவர். ஒரு ஐகாரம்கூட விழவில்லை.

திங்கட்கிழமை கொண்டு போய்க் கொடுக்கிறோம். ஒப்புகைச் சீட்டில் என்ன தொழிற்பெயர் போட்டுத் தருகிறார்கள் என்று பார்க்கணும்.